இலவசம் என்றார்களே, எழுபது ஏன்? பாட்டியோடு வாசித்த முதல் ஆர்டர் உறுதிச் செய்தி

கடையில் சொன்ன விலையும் பில்லில் வந்த விலையும் ஒத்துப்போகாவிட்டால் என் பாட்டி அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அப்படிப்பட்டவர் முதல் தடவையாகப் போனில் ஆர்டர் போட்டார். ஒரு வெந்நீர்ப் பை, முழங்காலில் மாட்டிக்கொள்ளும் பட்டை இரண்டு. பொருளைத் தேடிப் பிடித்தது, கூடையில் சேர்த்தது, தள்ளுபடிக் கூப்பனைப் போடச் சொன்னது எல்லாம் அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து மட்டும் அடித்துக் கொடுத்தேன். கடைசிப் பட்டனை அழுத்திய சற்று நேரத்தில் உறுதிச் செய்தி மின்னஞ்சலில் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: “ஆயிரத்துக்கு மேல வாங்கினா கொண்டாந்து குடுக்கிறது இலவசம்னு போட்டிருந்துச்சே, இதென்னடா எழுபது?”

நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்தச் செய்திக்குள்ளேயே இருந்தது. டெலிவரிக் கட்டணம் தனியாக முளைப்பதில்லை. அதற்கு மேலே இருக்கும் வரிகளிலிருந்துதான் அது வருகிறது. ஆகவே அந்த எழுபதில் கண்ணை வைத்துக்கொண்டு செய்தியை மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவரோ முதல் ஆர்டர் போட்டிருந்தால் இதே வரிசையில் வாசித்துப் பாருங்கள். இங்கே தொகைகளை வெறும் எண்களாகவே தந்திருக்கிறேன். உங்கள் நாணயம் எதுவானாலும் கணக்கு மாறாது.

விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

செய்தியின் தலையில் ஆர்டர் எண் இருக்கும். எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக வரும். அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கடையோடு எதைப் பற்றிப் பேசினாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பொருள் கிளம்பிய பிறகு கண்காணிப்பு எண் என்று இன்னொன்று வரும். அது கூரியர்காரருடையது. பொட்டலம் எங்கே இருக்கிறது என்று அறிய அது உதவும், பணத் தகராறுக்கு உதவாது. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு, ‘எங்களிடம் அப்படி ஓர் ஆர்டரே இல்லையே’ என்ற பதிலைக் கேட்டுக் கலங்குபவர்கள் உண்டு. பாட்டி ஒரு நோட்டை எடுத்து ஆர்டர் எண்ணை எழுதிக்கொண்டார். பக்கத்தில் ‘கடை’ என்று குறித்தார். கீழே ‘வண்டி’ என்று எழுதி இடம் விட்டார். இரண்டாவது எண் வந்ததும் அதில் நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்து முகவரி. இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், நம் முகவரி நமக்குத் தெரியாதா என்று. ஆனால் போனில் பழைய முகவரி சேமிக்கப்பட்டிருந்தால் கடை அதையே எடுத்துக்கொண்டிருக்கும். கதவு எண், மாடி, அஞ்சல் குறியீடு, கடைசியாகத் தொலைபேசி எண் என்று நான்கையும் விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். தொலைபேசி எண் பாட்டியுடையதாக இருக்க வேண்டும். என் எண்ணைக் கொடுத்திருந்தால், கொண்டுவருபவர் வாசலில் நின்று அழைக்கும்போது நான் வேறெங்கோ இருப்பேன். பொருள் கடையை விட்டுக் கிளம்பும் முன்பு முகவரியைத் திருத்துவது பெரும்பாலும் எளிது, கிளம்பிய பின் கடினம். தப்பு இருந்தால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம்.

தேதி வரியில் Estimated delivery என்று இருந்தது. அது உத்தேசத் தேதி. நாட்கணக்காகக் கொடுத்திருந்தால் business days என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விடுமுறை நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. மூன்று நாள் என்று போட்டிருப்பது விடுமுறை குறுக்கிட்டால் ஐந்து நாளாகலாம்.

“சரி, கடைக்காரன் ஒத்துக்கிட்டானா இல்லையா?” என்று கேட்டார் பாட்டி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உறுதிச் செய்தி என்று நாம் சொன்னாலும், உங்கள் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தது என்று மட்டுமே பல கடைகள் அதில் சொல்கின்றன. பொருளை அனுப்பும்போதுதான் விற்பனையை ஏற்றதாகக் கொள்வோம் என்று அவற்றின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். அதனால்தான் உறுதிச் செய்தி வந்த பிறகும், இருப்பு இல்லை என்று சொல்லி ஒரு பொருளை ரத்து செய்ய அவர்களால் முடிகிறது. Order placed, Shipped, Out for delivery, Delivered என்று நிலை மாறிக்கொண்டே போகும். அவற்றில் Shipped வந்தால்தான் பொருள் உண்மையில் கிளம்பியிருக்கிறது.

பணக் கணக்கு

இனி எழுபதுக்கு வருவோம். பாட்டிக்கு வந்த செய்தியின் விலைப் பகுதி இப்படி இருந்தது:

```
Hot water bag    1 x 420      420
Knee support     2 x 310      620
Subtotal                    1,040
Discount                     -104
Shipping                       70
COD fee                        25
Order total                 1,031
```

பாட்டிக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும், எண்கள் தண்ணீர் பட்ட பாடு. எனவே எண்களிலிருந்து தொடங்கினோம். முதல் இரண்டு வரிகளில் நடுவில் இருக்கும் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டனை இரண்டு முறை தட்டிவிட்டால் ஒன்று இரண்டாகியிருக்கும். பட்டை ஒன்றின் விலை 310, இரண்டு சேர்ந்து 620. பைக்கு 420. கூட்டினால் 1,040. Subtotal என்ற வரியில் அதே எண் இருக்கிறது. அந்த வரி சொல்வது பொருட்களின் விலையை மட்டும். வேறெந்தக் கட்டணமும் தள்ளுபடியும் அதில் கிடையாது.

இந்த இடத்தில் பாட்டி மறுபடி பிடித்துக்கொண்டார். “ஆயிரத்து நாப்பது. ஆயிரத்தைத் தாண்டிடுச்சுல்ல?”

தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியைப் பார்க்க வேண்டும். Discount, கழித்தல் குறியோடு 104. அது பாட்டி போடச் சொன்ன பத்து விழுக்காட்டுக் கூப்பன். 1,040-இல் 104 போனால் 936. இலவச டெலிவரிக்கான எல்லையைத் தள்ளுபடிக்கு முந்தைய தொகையை வைத்துப் பார்ப்பதா, பிந்தைய தொகையை வைத்துப் பார்ப்பதா என்பது ஒவ்வொரு கடையின் விதி. பிந்தைய தொகையைப் பார்க்கும் கடைகள் நிறைய. இந்தக் கடையும் அப்படித்தான். 936 ஆயிரத்துக்குக் கீழே இருப்பதால் Shipping வரியில் 70 ஏறிவிட்டது.

“அதைப் பெருசா எழுதுறதுக்கென்ன?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஆயிரம் என்று போட்டுவிட்டு, தள்ளுபடி கழித்த பிறகு என்பதை டெலிவரி நிபந்தனைகள் பக்கத்தில் வைப்பது புதிதாக வருபவரைக் குழப்பத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் கடையின் பக்கத்தில் அடிப்பகுதியில் Shipping policy என்ற பெயரில் இருக்கும். இலவச எல்லை எவ்வளவு, எந்தத் தொகையின் மேல் என்ற இரண்டை மட்டும் அதில் தேடிப் படித்தால் போதும்.

இப்போது பாட்டி தானே ஒரு கணக்குப் போட்டார். கூப்பனே போடாமல் இருந்திருந்தால்? 1,040 எல்லையைத் தாண்டும், டெலிவரி இலவசம், 25 மட்டும் சேரும், மொத்தம் 1,065. கூப்பன் போட்டதால் 1,031. “அப்போ நூத்தி நாலு மிச்சம்னு காட்டினானே, நெசமா மிச்சமானது முப்பத்தி நாலுதான்.” மிகச் சரி. ஒரு கையால் 104 கொடுத்து மறு கையால் 70-ஐ எடுத்துக்கொண்டார்கள். You saved என்று திரையில் பச்சை எழுத்தில் காட்டும் தொகை இந்த 70-ஐக் கணக்கில் கொள்வதில்லை. கூப்பன் சின்னதாக இருந்து டெலிவரிக் கட்டணம் பெரிதாக இருந்தால் கூப்பன் போட்டதால் அதிகம் கட்டும் நிலைகூட வரும். ஐந்து விழுக்காட்டுக் கூப்பனாக இருந்திருந்தால் 1,040-இல் 52 போய் 988. அதோடு 70-ம் 25-ம் சேர்த்தால் 1,083. கூப்பன் இல்லாமல் 1,065-தான் ஆகியிருக்கும். ஆகவே இலவச எல்லைக்குப் பக்கத்தில் தொகை இருக்கும்போது கூப்பனைப் போட்டும் எடுத்தும் கடைசித் தொகையை ஒப்பிடுங்கள். பணம் கட்டும் திரையிலேயே செய்துவிடலாம், ஆர்டர் போட்ட பிறகு முடியாது.

COD fee என்ற 25-ஐ அவர் முதலில் கவனிக்கவே இல்லை, எழுபதின் கோபத்தில். அது வாசலில் பணம் கொடுக்கும் முறைக்கான கட்டணம். பொருளைக் கொண்டுவருபவர் பணத்தை வாங்கி எண்ணிக் கடைக்குச் சேர்க்க வேண்டும், அந்த வேலைக்குச் சில கடைகள் தனியாக வாங்குகின்றன. கார்டிலோ வங்கி வழியாகவோ முன்கூட்டியே கட்டினால் இந்த வரி இருக்காது. பாட்டியிடம் கேட்டேன், முன்பணம் கட்டிவிடலாமா என்று. “பொருளைக் கண்ணால பாக்காம காசு குடுக்கமாட்டேன், இருபத்தஞ்சு போனாப் போகுது” என்றார். முதல் ஆர்டருக்கு அது நல்ல முடிவு என்றே எனக்கும் தோன்றியது. பழக்கமில்லாத கடைக்கு மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கொடுப்பதைவிட அந்த 25 மேல். ஆனால் ஒன்று: பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு பணம் தரலாம் என்று எல்லாரும் விடமாட்டார்கள். பல இடங்களில் பணம் கொடுத்த பிறகே பிரிக்க முடியும். அதையும் சொல்லி வைத்தேன்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. சில கடைகள் வரியை விலைக்குள்ளேயே சேர்த்துக் காட்டும், சில தனி வரியாகக் கீழே சேர்க்கும். inclusive of taxes என்று இருந்தால் ஏற்கனவே சேர்ந்துவிட்டது, மறுபடி கூட்டாதீர்கள். பாட்டியின் செய்தியில் அப்படித்தான் சிறிய எழுத்தில் இருந்தது.

கடைசி வரி Order total. 936, 70, 25 மூன்றையும் பாட்டி வாய்விட்டுக் கூட்டினார். 1,031. திரையிலும் அதுவே. கணக்கு உதைக்கவில்லை. வாசலில் கொடுக்க வேண்டிய தொகை என்று நோட்டில் அதை எழுதிக் கட்டம் கட்டினார்.

ஏன் சிலதுக்கு நூறு, சிலதுக்கு நாற்பது

டெலிவரிக் கட்டணம் பொருளின் விலையைப் பார்த்துத்தான் வருகிறது என்று பாட்டி நினைத்திருந்தார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஒரே தொகையாக வாங்கும் கடைகள் உண்டு. எடை, தூரம், வேகம் பார்த்து வாங்கும் கடைகளும் உண்டு. எடையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தலையணை போன்ற இலேசான, ஆனால் இடத்தை அடைக்கும் பொருளுக்குக் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் அளவை வைத்து எடையைக் கணக்கிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. 50, 40, 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியைப் பெருக்கினால் 60,000. 5,000-ஆல் வகுத்தால் 12. உள்ளே இரண்டு கிலோ தலையணைதான் இருந்தாலும் 12 கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். வண்டியில் அது பிடிக்கும் இடத்துக்கான விலை அது.

இன்னொரு காரணம் விற்பவர். பல விற்பனையாளர்கள் ஒரே தளத்தில் கடை விரித்திருந்தால், ஒரே கூடையில் போட்ட மூன்று பொருள் மூன்று பேரிடமிருந்து வரலாம். அப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக டெலிவரிக் கட்டணம் போடக்கூடும், இலவச எல்லையையும் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்க்கக்கூடும். உறுதிச் செய்தியில் பொருளின் பெயருக்குக் கீழே Sold by என்று இருக்கும் வரியைப் பாருங்கள். பாட்டியின் ஆர்டரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

வெந்நீர்ப் பைக்கு ஓர் உறை

கணக்கெல்லாம் முடிந்த பிறகு பாட்டிக்கு ஒரு யோசனை வந்தது. வெந்நீர்ப் பைக்குத் துணி உறை ஒன்று 80-க்கு இருந்தது. அதையும் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொருட்கள் 1,120, பத்து விழுக்காடு போக 1,008, எல்லையைத் தாண்டுவதால் டெலிவரி இலவசம், 25 சேர்த்து 1,033. அதாவது இரண்டே இரண்டு கூடக் கொடுத்திருந்தால் உறையும் வந்திருக்கும். அவருக்கு அது தாங்கவில்லை. “இப்பச் சேத்துரலாமா?”

போட்டு முடித்த ஆர்டரில் பொருளைச் சேர்க்கப் பெரும்பாலான கடைகளில் வழியில்லை. ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பொருள் இன்னும் கிளம்பவில்லை, பணமும் கட்டவில்லை, ஆகவே ரத்து செய்வதில் செலவில்லை. ஆனால் கூப்பன்? அதன் நிபந்தனையைத் திறந்து பார்த்தோம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தலாம், ரத்து செய்தாலும் திரும்பக் கிடைக்காது என்று இருந்தது. கூப்பன் இல்லாமல் உறையோடு சேர்த்துப் போட்டால் 1,120-ம் 25-ம் சேர்ந்து 1,145. இப்போதைய 1,031-ஐவிட 114 அதிகம். 80 பெறும் உறைக்கு 114. உறையை மட்டும் தனி ஆர்டராகப் போட்டாலோ 80, 70, 25 சேர்ந்து 175. பாட்டி மூன்று தொகையையும் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துவிட்டு, “பழைய துண்டைச் சுத்திக்கிறேன் போ” என்று ஆர்டரை அப்படியே விட்டுவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லையைத் தொட எவ்வளவு குறைகிறது என்று பணம் கட்டும் முன்பே பார்ப்பது. குறையும் தொகை டெலிவரிக் கட்டணத்தைவிடச் சின்னதாக இருந்து, அந்த விலையில் உண்மையாகவே தேவையான ஒரு பொருளும் இருந்தால் மட்டும் சேர்க்கலாம். 50-க்கு ஒரு பொருளைச் சேர்த்திருந்தால் பொருட்கள் 1,090, தள்ளுபடி போக 981, எல்லையை எட்டாது. மொத்தம் 1,076 ஆகியிருக்கும், 70-ம் போயிருக்கும்.

இரண்டு பொட்டலமாக வந்தால்

மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. வெந்நீர்ப் பை கிளம்பிவிட்டது, பட்டைகள் பிறகு வரும் என்று. முதல் பொட்டலத்துக்குக் கொடுக்க வேண்டியது 473 என்று அதில் இருந்தது. பாட்டி நோட்டில் கட்டம் கட்டியிருந்த 1,031-ஐப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்.

ஒரு ஆர்டரைப் பிரித்து அனுப்பினால் வாசலில் கொடுக்கும் பணமும் பிரியும். பைக்கு 420, அதன் பங்குத் தள்ளுபடி 42, மீதி 378. டெலிவரிக்கும் வசூலுக்கும் உரிய 95-ஐ முதல் பொட்டலத்தின் மேல் போட்டிருந்தார்கள். 378-ம் 95-ம் சேர்ந்து 473. இரண்டாவது பொட்டலத்துக்கு 620-இல் 62 போக 558 வர வேண்டும். 473-ம் 558-ம் சேர்ந்தால் 1,031. கட்டணத்தை முதல் பொட்டலத்தில் போடுகிறார்களா, இரண்டாகப் பிரிக்கிறார்களா என்பது கடைக்குக் கடை மாறும். ஆனால் எல்லாப் பொட்டலத் தொகையையும் கூட்டினால் உறுதிச் செய்தியின் மொத்தத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது பொட்டலத்துக்கு மறுபடியும் 70 கேட்டால் அங்கேதான் தப்பு. அப்படி நடந்தால் கொண்டுவந்தவரோடு வாதாட வேண்டாம், அவருக்குக் கொடுத்த தொகையை வசூலிக்கத்தான் அவரால் முடியும். ஆர்டர் எண்ணோடு கடையிடம் கேட்க வேண்டும்.

முன்பணம் கட்டியவர்களுக்கும் இதே நிலை வேறு வடிவில் வரும். சில கடைகள் ஒவ்வொரு பொட்டலமும் கிளம்பும்போது அதற்குரிய தொகையை மட்டும் கார்டில் எடுக்கும். வங்கிச் செய்தியில் இரண்டு சிறு தொகைகள் வந்தால் பயப்படும் முன் கூட்டிப் பாருங்கள்.

திருப்பி அனுப்பும்போது எவ்வளவு வரும்

பட்டைகள் வந்தன. ஒன்று சரியாக இருந்தது, மற்றொன்று மடிப்பில் நூல் பிரிந்திருந்தது. திருப்பி அனுப்பினால் 310 வரும் என்று பாட்டி எதிர்பார்த்தார். திரையில் 279 என்று இருந்தது. தள்ளுபடி எல்லாப் பொருளுக்கும் பகிர்ந்துவிட்டதால், ஒரு பட்டைக்கு அவர் உண்மையில் கொடுத்தது 310-இல் 31 போக 279-தான். அதுதான் திரும்பும்.

டெலிவரிக்குக் கொடுத்த 70 வேறு விஷயம். ஒரு பொருளை மட்டும் திருப்பும்போது அது பெரும்பாலும் திரும்பாது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். பொருளில் பழுது என்றால் கடை ஏற்பது வழக்கம், மனம் மாறித் திருப்பினால் அந்தச் செலவைப் பல கடைகள் நம் தலையில் போடும். ஆகவே காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அவசரப்பட்டு எதையோ தட்டிவிடாமல், உள்ள காரணத்தையே தேர்ந்தெடுங்கள். நூல் பிரிந்த இடத்தைப் படமெடுத்து இணைத்தோம். மடிப்பு தெளிவாகத் தெரிய ஒரு படம், பெட்டியின் மேலிருக்கும் ஒட்டுத்தாளோடு ஒரு படம்.

வாசலில் பணமாகக் கொடுத்ததால், திரும்பும் தொகை எங்கே வர வேண்டும் என்று கடை கேட்கும். கடையின் செயலிக்குள்ளேயே கேட்டால் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்கலாம். போனில் அழைத்துக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று பாட்டியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நமக்குப் பணம் வருவதற்கு நம் கடவுச்சொல்லோ, பின் எண்ணோ, வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடோ தேவையே இல்லை. அவற்றைக் கேட்பவர் நம்மிடமிருந்து எடுக்க வந்தவர்.

எழுபதைப் போலவே வரும் பொய்ச் செய்தி

ஆர்டர் போட்ட சில நாட்களில் பாட்டிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பொட்டலம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, முகவரி தெளிவாக இல்லை, மறு டெலிவரிக்கு ஒரு சிறு தொகையைக் கீழே உள்ள இணைப்பில் கட்டவும் என்று. கேட்ட தொகை மிகச் சின்னது. அதில்தான் தந்திரமே இருக்கிறது. சின்னத் தொகை என்று கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டால் அதை வைத்துப் பெரிய தொகையை எடுப்பார்கள். இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொத்தாம்பொதுவாக அனுப்பப்படுபவை. அவர்களில் சிலராவது ஏதோ பொருளுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்ற கணக்கில் அனுப்புகிறார்கள்.

பாட்டி இணைப்பைத் தொடவில்லை. நோட்டை எடுத்து, வந்த செய்தியில் தன் ஆர்டர் எண் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பொருளின் பெயர் இருக்கிறதா? இல்லை. பிறகு கடையின் செயலியைத் தானே திறந்து My orders பக்கத்துக்குப் போனார். அங்கே நிறுத்தி வைத்ததாக எதுவும் இல்லை, பொட்டலம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. செய்தியை அழித்துவிட்டார். எண் பொருந்தினாலும் செய்தியில் உள்ள இணைப்பு வழியாகப் போகாமல், செயலியை நாமே திறந்து பார்ப்பதுதான் பாதுகாப்பு. உறுதிச் செய்தியே பொய்யாக வருவதும் உண்டு. நீங்கள் வாங்காத விலை உயர்ந்த பொருளைக் காட்டி, ரத்து செய்ய இந்த எண்ணை அழையுங்கள் என்று இருக்கும். அதற்கும் இதே சோதனைதான். செயலியில் அந்த ஆர்டர் இல்லையென்றால், அந்த எண்ணை அழைக்க வேண்டியதில்லை. கார்டிலிருந்து பணம் போயிருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் வங்கிக் கணக்கையும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

குழப்பம் தரக்கூடிய ஒன்று மிச்சம். சில கடைகள் பொருள் வரும் நாளன்று ஒரு டெலிவரிக் குறியீட்டை அனுப்பும், அதைக் கொண்டுவருபவரிடம் சொன்னால்தான் பொட்டலத்தைத் தருவார். “யாருக்கும் எந்த எண்ணையும் சொல்லக் கூடாதுன்னியே?” என்று கேட்டார் பாட்டி. இந்த ஒன்றைச் சொல்லலாம், ஆனால் செய்தியை முழுவதும் படித்துவிட்டு. டெலிவரிக்கான குறியீடு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பணம், வங்கி, பரிவர்த்தனை என்ற சொற்கள் இருக்கவே கூடாது. ஆள் நேரில் நிற்க வேண்டும், பொட்டலம் கண் முன்னால் இருக்க வேண்டும், மேலே இருக்கும் பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும். வரும் வழியில் போனில் அழைத்துக் கேட்டால் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் பொருள் வராமலே Delivered என்று பதிவாகிவிடும், அதன் பிறகு வரவில்லை என்று நிரூபிப்பது நம் வேலையாகிவிடும்.

பழுதான பட்டையை எடுத்துப்போக வந்தவரிடம் பாட்டி அதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினார். அவர் தாளில் தரவில்லை, போனுக்கு அனுப்பினார். Pickup completed என்று செயலியில் மாறும்வரை அவரை வாசலிலேயே நிற்க வைத்திருந்தார். 279 கணக்கில் வந்து சேர்ந்ததும் நோட்டில் 1,031-க்குக் கீழே அதைக் கழித்து 752 என்று எழுதினார்.